தேதியக்காவின் இரண்டாவது சான்றிதழ்

போலீஸ் தலைமையகத்தின் தரைத்தளத்தில், வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவில், மூன்றாம் எண் கவுண்ட்டருக்குப் பின்னால் இருபத்து மூன்று வருடமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. தேதியக்கா என்று கேட்டால் வாசலில் நிற்கும் காவலர் கூடக் கையைக் காட்டுவார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவள் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். பெயர் அப்புறம். முகம் அதற்கும் அப்புறம், நேரம் இருந்தால்.

வேலையில் கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இந்தச் சான்றிதழ் எவ்வளவு நாளைக்குச் செல்லும்?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். நாற்பது பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "நாங்க கொடுத்த தேதியை மட்டும்தான் போடுவோம். முடியற தேதி போட மாட்டோம். அது நீங்க போற நாட்டுக்காரன் பாடு. ஒருத்தன் ஆறு மாசம்பான், ஒருத்தன் வருஷம்பான், இன்னொருத்தன் ரெண்டு வருஷம்பான். அவன்கிட்ட கேட்டுட்டு அப்புறமா வந்து விண்ணப்பம் போடுங்க. முன்கூட்டியே வாங்கி பீரோல வைக்கறதுக்கு இது நகை இல்ல."

ஒருநாள் ஒரு நர்ஸ் இரண்டு சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். ஒன்று இந்த ஊர்ச் சான்றிதழ், ஒன்பது மாதம் பழையது. இன்னொன்று அவள் முன்பு நான்கு வருடம் வேலை பார்த்த வேறொரு நாட்டுடையது, மூன்று வருடம் பழையது. இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். தேதியக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அந்த நாட்டை விட்டு வந்த பிறகு வாங்கினதா, இருக்கும்போதே வாங்கினதா?"

"வந்த பிறகுக்கா. தபால்ல வரவழைச்சேன்."

"அதுக்கப்புறம் அங்க காலை வெச்சியா?"

"இல்லக்கா."

"அப்ப அது பழசானாலும் பழசு இல்ல. நீ இல்லாத ஊர்ல நீ என்ன தப்பு பண்ணியிருக்க முடியும்? அந்தக் காகிதம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிருச்சு. பெரும்பாலான நாட்டுக்காரங்க அதை ஏத்துக்குவாங்க. இங்கதான் நீ இருக்க, சாப்பிடற, ரோட்டுல நடக்கற. ஒன்பது மாசம் இங்க என்ன பண்ணினன்னு இந்தக் காகிதத்துக்குத் தெரியாது. இதை மட்டும் புதுசா எடு."

நர்ஸின் முகம் மலர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஏதோ பாடம் கேட்டதுபோலத் தலையாட்டினார்கள். தேதியக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். அவள் அதை வெளியே காட்டவில்லை. "அடுத்தது!" என்றாள்.

அவளுடைய கல்யாணமே ஒரு காலாவதியான சான்றிதழால் நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வெளிநாட்டு வேலைக்காக அவளிடம் சான்றிதழ் வாங்கினார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. அந்தக் கம்பெனிக்காரன் இழுத்தடித்து இழுத்தடித்து ஆறு மாதம் தாண்டிவிட்டான். மனிதர் மறுபடி வந்து நின்றார். வரிசையில் நிற்கும் எல்லோரும் சிடுசிடுவென்று நிற்க, இவர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சிரிப்பு? மறுபடியும் அலையறோமேன்னு வருத்தம் இல்லையா?"

"இல்லைங்க. போன தடவை நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்க மறந்துட்டேன்."

இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாக அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதன் பிறகு ஆறு வருடம் போனிலேயே ஓடியது. பதினாறு மாதத்துக்கு முன்பு பதினெட்டு நாள் விடுப்பில் வந்தார். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்தேழு வயதில் தேதியக்கா மனைவியானாள். அலுவலகமே வாயைப் பிளந்தது.

மனைவி என்ற முறையில் அவளை அழைத்துக்கொள்ள அவர் அங்கே விண்ணப்பம் போட்டார். அவளுடைய சான்றிதழும் அதோடு போயிற்று. போடும்போது அதற்கு வயது இரண்டே மாதம். எல்லாம் கச்சிதம். அப்புறம் அந்த நாட்டுக்காரர்கள் கோப்பை எங்கேயோ அடியில் வைத்துவிட்டு ஒரு வருடம் மூச்சே விடவில்லை.

மூச்சு விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. அவர்தான். குரல் லிஃப்ட்டில் சிக்கிக்கொண்ட ஆளின் குரல்போல இருந்தது.

"லெட்டர் வந்திருக்கு! கோப்பைக் கையில எடுத்துட்டாங்க! எல்லாம் சரியா இருக்காம். ஒண்ணே ஒண்ணு..."

"என்ன ஒண்ணு?"

"உன் போலீஸ் சான்றிதழ் பதினாலு மாசம் ஆயிருச்சாம். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி புதுசு வேணுமாம். லெட்டர் தேதியிலேருந்து முப்பது நாளைக்குள்ள."

"லெட்டர் தேதி என்ன?"

"நாலு நாள் முன்னாடி. நான் மெயிலை இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"நாலு நாளா பார்க்கலையா? அதுக்குப் பேர் மெயிலா, கிணறா?" என்று கத்தினாள். உடனே சிரித்துவிட்டாள். கோப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள்! இருபத்தாறு நாள் கையில் இருக்கிறது. சான்றிதழுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள். தன் பிரிவு, தன் வேலை. இதில் தடுக்கி விழ என்ன இருக்கிறது?

மறுநாள் விண்ணப்பம் போட்டாள். சொந்தக் கோப்பைத் தானே தொடக்கூடாது என்பது பிரிவின் விதி. ஊழியர்களுடைய விண்ணப்பத்தைக் கண்காணிப்பாளர்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண்காணிப்பாளருக்கும் அவளுக்கும் பதினொரு வருடமாக ஆகாது. சண்டைக்குக் காரணம் ஒரு மின்விசிறி. யார் பக்கம் திருப்புவது என்பதில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஆனால் தேதியக்கா யாருக்கும் சலுகை காட்டியவளும் இல்லை, கேட்டவளும் இல்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய் வரிசையில் நின்றாள்.

அங்கேதான் ஒரு விசித்திரம். தன் கவுண்ட்டரை அவள் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. போன வருடம் ஊழியர் விண்ணப்பங்களை உள்ளே மேசையிலேயே வாங்கினார்கள், இப்போது அந்த வழக்கம் இல்லை. கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருந்த ஓட்டை இடுப்புயரத்தில் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வாகாக இருக்கும். வெளியே நிற்பவர் குனிந்தால்தான் வாய் எட்டும். குனிந்து பேசினால் உள்ளே இருப்பவரின் சட்டைப் பை தெரியும், முகம் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக எல்லோரும் ஏன் இப்படிக் கூனிக்குறுகிப் பேசுகிறார்கள் என்று அவள் எரிச்சல்பட்டிருக்கிறாள்.

அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு மறுபடியும்? போன வருஷம்தானே வாங்கினீங்க?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கணும். தினமும் உள்ளேருந்துதான் கேட்டிருக்கேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பழைய சான்றிதழ் அது கொடுத்த தேதி வரைக்கும்தான் எனக்குச் சாட்சி. அதுக்கப்புறம் நான் இதே ஊர்லதான் இருக்கேன். இந்தப் பதினாலு மாசத்துக்குச் சாட்சி இல்ல. அவங்க இப்ப முடிவு எடுக்கறாங்க, இப்போதைய சாட்சி வேணும். போதுமா?"

"பேஷ்" என்றார். முத்திரை விழுந்தது. விரல்ரேகை எடுக்கப் போனாள். காகிதம் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்ததால் இயந்திரம் இரண்டு தடவை மாட்டேன் என்றது. கையைக் கழுவி, கிரீம் தடவி, துடைத்துவிட்டு வைத்தபோது மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. விலாசச் சரிபார்ப்புக்கும் பதிவேட்டுச் சரிபார்ப்புக்கும் கோப்பு அவள் குடியிருந்த பகுதியின் காவல் நிலையத்துக்குப் போனது.

அன்று மாலையே பெட்டி வாங்கிவிட்டாள். நீல நிறத்தில், நான்கு சக்கரம் வைத்தது. அறைக்குள்ளேயே அதை அங்கேயும் இங்கேயும் உருட்டிப் பார்த்தாள். போனில் அவருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

பத்தாவது நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"ஸ்டேஷன்லேருந்து திரும்பி வந்திருக்கு. உங்க பேர்ல ஒரு மனு நிலுவையில இருக்காம்."

"என் பேர்லயா? என்ன மனு?"

"அஞ்சு மாசம் முன்னாடி. கீழ் வீட்டுக்காரர் கொடுத்தது. பொருள் சேதம், மிரட்டல்னு எழுதியிருக்கு."

தேதியக்காவுக்கு இரண்டு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் மாடியில் குடியிருந்தாள். கீழே ஒரு தச்சர் பட்டறை வைத்திருந்தார், பின்னாலேயே ஒற்றை அறையில் வாசம். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக்கால் நிதானமாக வீடியோவில் பேச முடியும். தச்சரின் மின்வாள் சரியாக அந்த ஒரு மணிக்குத்தான் அலறும். நாலு வாரம் பொறுத்தாள். ஐந்தாம் வாரம் மாடியிலிருந்து கத்தினாள். வாள் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. துணி ஊறவைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி அப்படியே கீழே ஊற்றினாள். அவர் அப்போதுதான் அறுத்து அடுக்கியிருந்த எட்டு ஒட்டுப்பலகைகள் நனைந்து ஊதிப்போயின. அவர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

அவளையும் ஒருநாள் கூப்பிட்டார்கள். போனாள். போனவள் மனுவைக் கையில் வாங்கி, "இதுல தேதி தப்பு, சம்பவம் நடந்தது பன்னண்டாம் தேதி, பதிமூணுன்னு போட்டிருக்கு" என்று தலைமைக் காவலரிடம் அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினாள். அவர் கும்பிடு போட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஊரில் உள்ளவர்களுடைய காகிதத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறவள், தன்னுடையதை முடித்துவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதுக்குத்தான் புதுசு கேக்கறாங்க போல" என்றார் கண்காணிப்பாளர். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

எத்தனை நாள் மிச்சம்? பதினைந்து.

அன்றே காவல் நிலையத்துக்கு ஓடினாள். அதே தலைமைக் காவலர். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார், இன்னொரு பிரசங்கத்துக்குத் தயாராக.

"வழக்குப் பதிவாகலம்மா. வெறும் மனுதான். ஆனா விசாரணை முடிஞ்சதா குறிப்பு இல்லாம, நிலுவையில ஒண்ணுமில்லைன்னு நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? மனு கொடுத்தவர் வந்து, எனக்கு இதுல மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம்னு என் முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அரைமணி நேரத்துல முடிச்சு அனுப்பறேன்."

"அவர் வரலைன்னா?"

"முறைப்படி விசாரிச்சு முடிக்கணும். ஒரு மாசமாவது ஆகும்."

ஒரு மாதம்! பதினைந்து நாளில் பெட்டிக்கு என்ன பதில் சொல்வது, அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு ஓடினாள். பட்டறையில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துக் கடைக்காரி, "வெளியூர்ல கதவு மாட்டற வேலைக்குப் போயிருக்கார், எப்ப வருவார்னு தெரியாது" என்றாள். போன் நம்பர் கேட்டாள். நம்பர் கிடைத்தது. அடித்தால் எடுக்கவில்லை. அவள் நம்பர் என்று தெரிந்து எடுக்காமல் விட்டாரோ, இல்லை மின்வாள் சத்தத்தில் கேட்கவில்லையோ.

அந்த ஆறு நாளை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. அலுவலகத்தில் ஒருவருடைய விண்ணப்பத்தில் தேதி பார்க்க மறந்து முத்திரை குத்தினாள். பிரிவே அதிர்ந்தது. லிஃப்ட் மெக்கானிக் அங்கிருந்து, கூடுதல் அவகாசம் வேண்டும் என்று காரணம் எழுதி அனுப்பினார். கிடைத்தது என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. பதில் வராததை நம்பி உட்கார முடியுமா? தினமும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பூட்டைப் பார்ப்பது. பூட்டு அவளைப் பார்க்கும். "மகராசன், சண்டை போடவாவது வந்து தொலையக் கூடாதா?" என்று புலம்பினாள்.

ஏழாம் நாள் காலையில் மின்வாள் அலறியது. அந்தச் சத்தம் அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. ஒன்பது நாள் மிச்சம். இறங்கி ஓடினாள். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை.

"அண்ணே!"

தச்சர் வாளை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடி முழுக்க மரத்தூள். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது இருக்கும்.

"அஞ்சு மாசமா 'யோவ்'. இன்னைக்கு அண்ணனா? என்ன சமாச்சாரம்?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். லெட்டர், முப்பது நாள், மனு, ஒன்பது நாள். "பலகைக்கு உண்டானதை இப்பவே கொடுத்துடறேன். தண்ணி ஊத்தினது என் தப்புதான். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"பலகை காஞ்சிருச்சு மேடம். அடுப்படி அலமாரிக்குப் பின்பலகையா அடிச்சுக் கொடுத்துட்டேன். நஷ்டம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் மனுவை வாபஸ் வாங்கல?"

தச்சர் ஒரு மரக்கட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார். அவள் உட்கார்வதற்குத்தான். அவள் உட்காரவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"கீழ் வீடு. ரெண்டு வருஷமா பார்க்கறேனே."

"அது இல்ல. ஆறு வருஷம் முன்னாடி. உங்க கவுண்ட்டர்ல."

அவள் யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

"கப்பலுக்குள்ள ரூம் ரூமா மரவேலை செய்யற கம்பெனி, வெளிநாட்டுல. எனக்கு வேலை கிடைச்சிருச்சு. ஆர்வக்கோளாறுல போலீஸ் சான்றிதழை முன்னாடியே வாங்கி வெச்சிட்டேன். காகிதமெல்லாம் வந்து சேர ஏழு மாசம் ஆச்சு. அவங்க ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதுதான் வேணும்னுட்டாங்க. உங்ககிட்ட வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை. 'இந்த ஏழு மாசத்துல நான் ஒண்ணுமே பண்ணலீங்களே, எதுக்கு மறுபடியும்'னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிந்தது.

"'எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்'னீங்க. வரிசையே சிரிச்சுது. அப்புறம் ஃபோட்டோ பழசுன்னு திருப்பி அனுப்பினீங்க. ஓடிப் போய் புதுசா எடுத்துட்டு வந்தேன். மூணு மணிக்கு மேல அஞ்சு நிமிஷம். உள்ளதான் இருந்தீங்க. கண்ணாடியை இழுத்து மூடினீங்க. தப்பில்ல, மூணு மணியோட சரின்னு போர்டு இருக்கு. திங்கள் லீவு. செவ்வாய்க்கிழமை கொடுத்து, சான்றிதழ் கைக்கு வந்தப்ப கம்பெனிக்காரன் வேற ஆளைக் கூப்பிட்டுட்டான்."

தச்சர் வாளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"பலகைக்காக நான் மனு கொடுக்கல" என்றார் தச்சர். "நீங்களும் ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். அற்பப் புத்திதான். இப்ப நின்னாச்சு இல்லையா, போதும். வண்டியை எடுக்கறேன், ஸ்டேஷனுக்குப் போகலாம்."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் தன் வாழ்நாளில் விண்ணப்பங்களில்தான் படித்திருக்கிறாள். தாமதத்துக்கு மன்னிக்கவும், பிழைக்கு மன்னிக்கவும். அதைச் சொல்வதற்கு உதடு எப்படி அசையும் என்று தெரியவில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க. தண்ணிக்கு இல்ல."

"தெரியுது. செருப்பை மாட்டிட்டு வாங்க. ஸ்டேஷன்ல அந்தத் தலைமைக் காவலர் பத்தரைக்கு டீ குடிக்கப் போயிருவார்."

அப்புறம் நடந்தது ஒரு பந்தயம். தச்சரின் பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் ஏற்கெனவே ஒரு ஜன்னல் சட்டம் கட்டியிருந்தது, அவிழ்க்க நேரமில்லை. தேதியக்கா அந்தச் சட்டத்துக்கும் அவருக்கும் இடையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சட்டம் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது. "மெதுவாப் போங்கண்ணே!" "மெதுவாப் போனா டீ!" சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

தலைமைக் காவலர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். மனு கொடுத்தவரும் யார் பேரில் கொடுத்தாரோ அவளும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்து அந்தக் காலை உள்ளே எடுத்துக்கொண்டார். "இப்படி வந்தா எனக்கு வேலையே இல்லையே" என்றார். தச்சர் வெள்ளைத்தாளில் எழுதினார். எழுதி முடித்து, தேதி போடும் இடத்தில் பேனாவை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையைச் சுவரில் இருந்த காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவரே பார்த்துப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் நிதானமாக ஓட்டினார். "மறுபடியும் முயற்சி பண்ணலையாண்ணே?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"பண்ணினேன். இப்ப நாற்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லையாம்."

அவர் அதை யார் மேலும் பழி போடுகிற குரலில் சொல்லவில்லை. கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்பது மாதிரிச் சொன்னார்.

நிலையத்திலிருந்து மறுநாளே அறிக்கை தலைமையகத்துக்குப் போனது. மனு முடிக்கப்பட்டது, நிலுவையில் எதுவும் இல்லை. எட்டு நாள் மிச்சம். அதற்குப் பிறகு கண்காணிப்பாளர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். விதியை ஒரு நூலளவும் மீறவில்லை. வரிசையில் அவள் கோப்புக்கு முன்னால் இருந்த எல்லாக் கோப்புகளையும் உட்கார்ந்து முடித்தார், சாப்பாட்டு இடைவேளையிலும். நாலாம் நாள் மதியம் அவளைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"தேதி சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

அவள் தேதியைப் பார்க்கவில்லை. "மின்விசிறி உங்க பக்கமே இருக்கட்டும் சார்" என்றாள். அவர் அவசரமாக வேறு கோப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

நாலு நாள் மிச்சம் இருக்கும்போதே ஸ்கேன் பண்ணி அனுப்பியாயிற்று. அந்தப் பக்கம் கிடைத்ததற்கு அடையாளமும் வந்துவிட்டது. தேதியக்கா அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ உச்சி மாடியில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். காற்றுச் சத்தம் கேட்டது. "வந்துருச்சு, வந்துருச்சு, பார்த்தேன்!" என்று அங்கிருந்தே கூத்தாடினார்.

"குதிக்காதீங்க, விழுந்து வைக்கப் போறீங்க!"

"அதுல என்ன எழுதியிருக்கு? எனக்கு எல்லாம் சின்னச் சின்ன எழுத்தா தெரியுது. நீ படி, உன் வாயால கேக்கணும்."

இருபத்து மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கான முறை அவள் கையால் போன வாசகம். ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்ததில்லை. காகிதத்தை முழங்காலில் விரித்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"இந்தத் தேதி வரை, இவர் மீது, எங்கள் பதிவேடுகளில், பாதகமான குறிப்பு எதுவும் இல்லை."

"இது எனக்குத் தெரியாததா?" என்று அவர் சிரித்தார். "உன்னைப் பத்தி வேற என்ன எழுதிட முடியும்?"

தேதியக்கா காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே, மூன்றாம் எண் கவுண்ட்டருக்கான வரிசை கதவைத் தாண்டி வெளியே வரை நின்றது. யாரோ ஒருவர் குனிந்து அந்த ஓட்டைக்குள் பேசிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள். "பதிவேட்டுல இல்ல, அவ்வளவுதான். நேர்ல வந்து சொல்றேன்."